ஒன்றரை மணி என்று போட்டிருந்தது

சின்னவளின் கைப்பேசிக்கு வரும் படங்களில் முக்கால்வாசி போர்டுகள்தான். சொந்தக்காரர் யாராவது பேருந்து நிறுத்தத்தில் ஒரு போர்டைப் படம் எடுத்து அனுப்புவார். இன்னொருவர் மருந்துப் பெட்டியின் பின்பக்கத்தை அனுப்புவார். வீட்டுக்காரர் கதவில் ஒட்டிவிட்டுப் போன அறிவிப்பு வரும், குப்பை எந்தக் கிழமை எடுப்பார்கள் என்ற அட்டவணை வரும். கூடவே ஒரே கேள்வி: "இதுல என்ன போட்டிருக்கு?" நீ எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்பதில்லை. பதில் வர ஐந்து நிமிடம் தாமதமானால் ஒரு கேள்விக்குறி வரும். பத்து நிமிடம் ஆனால் மூன்று வரும்.

அவள் படித்தவள் இல்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் இந்த நாட்டுக்கு வந்தபோது இந்த மொழியில் ஓர் எழுத்துகூட அவளுக்குத் தெரியாது. ஊருக்கு வெளியே ஒரு பெரிய சலவை ஆலையில் வேலை கிடைத்தது. நான்கு ஓட்டல்கள், மூன்று ஆஸ்பத்திரிகளின் துணி அங்கேதான் வரும். ஆஸ்பத்திரித் துணி கித்தான் பைகளில் வரும். ஒவ்வொரு பையிலும் அது எந்தப் பிரிவிலிருந்து வந்தது என்று ஓர் அட்டை தொங்கும். எந்தப் பை எந்தத் தொட்டிக்குப் போக வேண்டும் என்று அந்த அட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தப்பாகப் போட்டால் மேற்பார்வையாளர் அம்மா ஊதுவாள். இயந்திர இரைச்சலில் குரல் எடுபடாது என்று அவள் கழுத்தில் ஒரு விசில் மாட்டியிருப்பாள். அதனால் ஆலையிலிருந்த தமிழ்ப் பெண்கள் அவளுக்கு விசிலம்மா என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

சின்னவள் மொழி கற்றது அந்த அட்டைகளில்தான். பச்சைத் துணி வந்தால் அறுவை சிகிச்சை அரங்கு. கைக்குட்டை அளவு விரிப்பு வந்தால் குழந்தைகள் பிரிவு. சிவப்புப் பை கட்டியபடியே வந்தால் தொற்று நோய்ப் பிரிவு. அதைப் பிரிக்கவே கூடாது, அப்படியே இயந்திரத்துக்குள் போட வேண்டும், பையின் கட்டு வெந்நீரில் தானாகக் கரைந்துவிடும். "எலும்பு முறிவு" என்ற சொல்லை எழுதத் தெரிவதற்கு முன்பே அந்தப் பிரிவின் விரிப்புகளில் மாவுக்கட்டுத் தூள் ஒட்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒருமுறை தலையணை உறைக்குள் பல்செட் ஒன்று கிடந்தது. அட்டையைப் பார்த்து எந்தப் பிரிவு என்று சொல்லி அவள்தான் அதைத் திருப்பி அனுப்பவைத்தாள்.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணித் தேநீர் இடைவேளையில் அக்காவிடமிருந்து ஆஸ்பத்திரிப் படம் வந்தபோது, இது நம் கை வந்த வேலைதானே என்று அவள் நினைத்ததில் தப்பில்லை.

பெரியவள் ஊரிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவள் கணவர், சின்னவளுக்கு அத்தான், நான்கு மணி நேர ரயில் பயணத் தொலைவில் வேறொரு நகரத்தில் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தார். பதினோரு வருடமாகத் தனியாக இருக்கிறாரே, மூன்று மாதம் சமைத்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்று பெரியவள் வந்திருந்தாள். திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு அத்தான் கிடங்கில் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிந்தது, தலையிலும் அடி. கிடங்கின் போர்மேன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார், சாயங்காலம் பெரியவளை ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார், "தீவிர சிகிச்சையில் இருக்கிறார்" என்று சின்னவளுக்குப் போனில் சொன்னார், தன் நம்பரை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் பெரியவள் தனி.

பெரியவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் யார் எப்போது குளிக்க வேண்டும் என்பதைக்கூட அவள்தான் முடிவு செய்வாள். சின்னவளுக்கு நாற்பத்தாறு வயதாகியும் அவள் கண்ணில் இன்னும் சடை பின்னிவிட வேண்டிய பிள்ளைதான். அப்படிப்பட்டவளுக்கு ஒரு போர்டைப் படிக்கத் தங்கையிடம் கைநீட்ட வேண்டி வந்தது என்றால், அந்தக் கோபம் எங்கேயாவது போக வேண்டுமே. அது தங்கையிடமே வந்தது.

முதல் படம் கருஞ்சிவப்பாக இருந்தது.

"இது என்னக்கா?"

"போர்டு."

"போர்டு எங்க இருக்கு? உன் கட்டைவிரல்தான் இருக்கு."

"எனக்கு நல்லாத் தெரியுதே."

"உனக்கு நேர்ல தெரியும். எனக்குப் படத்துலதானே தெரியணும். விரலை எடுத்துட்டு இன்னொண்ணு எடு."

இரண்டாவது படம் சாய்ந்து, ஓடுகிற ரயிலிலிருந்து எடுத்ததுபோல் கலங்கியிருந்தது. மூன்றாவதில் எழுத்து தெரிந்தது. ஆனால் மேலே டியூப்லைட் வெளிச்சம் பட்டுத் தலைப்பு வரி முழுக்க வெள்ளையாகப் போயிருந்தது. கீழே, போர்டுக்கு முன்னால் நின்றிருந்த யாரோ ஒருவரின் வழுக்கைத் தலை கடைசி வரிகளை மறைத்திருந்தது.

"அக்கா, அந்த ஆள் நகர்ந்ததும் இன்னொண்ணு எடேன். கொஞ்சம் பின்னால போய் எடு."

"பின்னால சுவரு. ஆளு நகர மாட்டேங்கிறான். இருக்கிறதைச் சொல்லு. படிக்கத் தெரியும்னு ஊரெல்லாம் சொல்லிக்கிறே."

ஊரெல்லாம் அவள் சொல்லிக்கொண்டதில்லை. ஊர்தான் சொல்லிக்கொண்டது. இடைவேளை பதினைந்து நிமிடம். அதில் ஒன்பது போய்விட்டது. சின்னவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, படத்தை விரலால் பெரிதாக்கி, குரல்பதிவில் சொல்ல ஆரம்பித்தாள்.

"தரைத்தளம், அவசர சிகிச்சை, எக்ஸ்ரே. முதல் மாடி, புறநோயாளிகள், ரத்தப் பரிசோதனை. ரெண்டாவது மாடி, பொது அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு. மூணாவது மாடி, தீவிர சிகிச்சை. நாலாவது, பிரசவம், குழந்தைங்க. நீ போக வேண்டியது மூணாவது மாடி."

உடனே போன் அடித்தது.

"எலும்புதானேடி முறிஞ்சிருக்கு? அப்ப ரெண்டாவது மாடிதானே?"

"எலும்பு முறிஞ்சிருக்கு, ஆனா தலையிலயும் அடி பட்டிருக்கறதால தீவிர சிகிச்சையில வச்சிருக்காங்க. நேத்து நீ எந்த மாடிக்குப் போனே?"

"லிஃப்ட்ல போனேன். அந்த போர்மேன் பட்டனை அமுக்குனான். எனக்கென்ன தெரியும்?" கொஞ்சம் நிறுத்திவிட்டுப் பெரியவள் தொடர்ந்தாள். "என் போனு வேற மாதிரி சொல்லுது. படத்தைக் காட்டினா அதுவே தமிழ்ல மாத்துதே, அதுல பாத்தேன். 'காவல் பிரிவு'ன்னு போட்டிருக்கு. போலீஸ் கேஸு ஆயிடுச்சாடி?"

"அக்கா, அது வார்டு. வார்டைத்தான் காவல்னு மாத்தியிருக்கு."

"அப்புறம் 'நோயாளி பணிநீக்கம், காலை பத்து மணி'ன்னு போட்டிருக்கே? வேலையை விட்டு எடுத்துட்டாங்களா?"

"டிஸ்சார்ஜ்! வீட்டுக்கு அனுப்பற நேரம்! நீ அந்தப் போனை நம்பறியா, என்னை நம்பறியா?"

"நல்லாப் பாத்துச் சொல்லுன்னுதான் சொல்றேன். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாரேன். நேரம் என்ன போட்டிருக்கு, அதைச் சொல்லு முதல்ல."

தீவிர சிகிச்சை வரியில் இரண்டு நேரங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் பதினேழு முதல் பதினேழு முப்பது வரை. அடுத்த கட்டத்தில் பதின்மூன்று முப்பது முதல் பதினான்கு வரை. சாயங்கால நேரம் முன்னாலும் மத்தியான நேரம் பின்னாலும் ஏன் இருக்கிறது என்று சின்னவளுக்கு ஒரு கணம் உறுத்தியது. யாராவது இடம் மாற்றி எழுதியிருப்பார்கள் என்று விட்டுவிட்டாள். மற்ற பிரிவுகளின் நேரத்தை அவள் பார்க்கவேயில்லை. அதற்குள் உள்ளே விசில் ஊதிவிட்டது.

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவை விடுவாங்கக்கா. மத்தியானம் ஒன்றரையிலிருந்து ரெண்டு. சாயங்காலம் அஞ்சிலிருந்து அஞ்சரை."

"பதினேழுன்னு போட்டிருக்கு, நீ அஞ்சுங்கிறே?"

"பன்னெண்டைக் கழிச்சுக்க!"

கத்தியது இஸ்திரி உருளை வரை கேட்டிருக்கும். மடிப்பு மேசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று ஒன்றரை மணிக்குப் பெரியவள் மூன்றாவது மாடியில் கண்ணாடிக் கதவு முன் நின்றாள். விடவில்லை. நர்ஸ் ஒருத்தி தலையசைத்து, கைக்கடிகாரத்தில் எதையோ சுட்டிக்காட்டிவிட்டுப் போனாள். ஐந்து மணிக்குப் போனபோது விட்டார்கள். அத்தான் கண்ணைத் திறந்தார், ஏதோ உளறினார், மறுபடி மூடிக்கொண்டார். வலி மருந்தின் மயக்கம்.

சாயங்காலம் போனில் வசவு விழுந்தது.

"ஒன்றரைக்கு விடலைடி. கால் கடுக்க நின்னேன். நீ சொன்னது தப்பு."

"போர்டுல போட்டிருக்குக்கா. ஏதாவது அவசரமா இருந்திருக்கும். நாளைக்குப் போ, விடுவாங்க."

இப்படிச் சொன்னதை நினைத்து அவள் பிற்பாடு எத்தனையோ தடவை நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அப்போது அவளுக்கு இருந்த எரிச்சல் அப்படி. எதைச் சொன்னாலும் "நல்லாப் பாரு" என்று சொல்கிற ஆளிடம் ஒரு தடவையாவது நாம் சொன்னதுதான் சரி என்று நிற்கத் தோன்றாதா?

புதன்கிழமையும் பெரியவள் ஒன்றரைக்குப் போனாள். சாயங்காலம் ஐந்து மணிக்கும் போனாள். ஐந்து நாற்பதுக்குச் சின்னவளின் இடுப்புப் பையில் போன் அதிர்ந்தது. ஆறு மணிவரை அவளுக்கு வேலை. வேலை நேரத்தில் போன் எடுக்கக் கூடாது, இயந்திரப் பக்கத்தில் கவனம் சிதறிக் கை போனவர்கள் உண்டு. ஆனால் போன் விடாமல் மூன்றாவது தடவையாக அதிரவே, உருளையைப் பக்கத்துப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, பைகள் வந்து இறங்கும் வெளித்தளத்துக்கு ஓடினாள்.

"என்னக்கா, அவருக்கு ஏதாவதா?"

"அவருக்கு ஒண்ணுமில்ல, அப்படியேதான் இருக்காரு. மத்தியானம் இன்னைக்கும் விடலை. இந்த ஆஸ்பத்திரில ஒருத்தரும் மனுஷங்களா இல்ல. ஒரே ஒரு டாக்டர் மட்டும் தங்கமானவரு. ரெண்டு நாளும் கதவைத் திறந்துட்டு வெளிய வந்து எங்கிட்ட பேசினாரு."

"என்ன பேசினாரு?"

"எனக்கென்ன புரியும்? ஆனா நல்ல மனுஷன். கையை வாய்க்கிட்டக் கொண்டுபோய், இப்படி இப்படின்னு காட்டி, சாப்பிட்டியான்னு கேட்டாரு. சாப்பிட்டேன்னு தலையாட்டினேன். மறுபடியும் கேட்டாரு. வயித்தைத் தட்டிக் காட்டினேன். அவருக்கு நம்பிக்கை வரலை போல. தாள்ல ஏதோ எழுதிக்கிட்டுப் போயிட்டாரு."

சின்னவள் பக்கத்திலிருந்த பை மூட்டையில் கை வைத்துக்கொண்டாள். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு டாக்டர் வேலை மெனக்கெட்டு வெளியே வந்து, நோயாளியின் மனைவி சாப்பிட்டாளா என்று இரண்டு நாளும் கேட்பாரா? அதுவும் சரியாக ஒன்றரை மணிக்கு?

"அக்கா, இப்ப எங்க நிக்கிறே?"

"கீழ. வெளிய வந்துக்கிட்டிருக்கேன்."

"அந்த போர்டுக்கிட்டப் போ. ஆள் யாராவது முன்னால நின்னா நகரச் சொல்லு. போர்டோட நாலு மூலையும் தெரியற மாதிரி ஒரு படம் எடு. ஒரே படத்துல வரலைன்னா மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. லைட்டு அடிச்சா கொஞ்சம் பக்கவாட்டுல நின்னு எடு."

"திரும்ப ஏண்டி? அதான் அனுப்பினேனே."

"எடுக்கா! உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், எடு!"

இரண்டு படங்கள் வந்தன. முதல் படத்தில் தலைப்பு வரி பளிச்சென்று தெரிந்தது. பிரிவு. மாடி. பார்வையாளர் நேரம். கடைசிக் கட்டத்தின் மேல்: மருத்துவர் உறவினரிடம் பேசும் நேரம்.

அந்தக் கட்டத்தில் எல்லாப் பிரிவுக்கும் ஒரே நேரம்தான் போட்டிருந்தது. ஒன்றரை முதல் இரண்டு. முந்தைய நாள் இன்னும் ஒரு வரியைக் கீழே பார்த்திருந்தால்கூட இது பார்வை நேரம் இல்லை என்று தெரிந்திருக்கும்.

இரண்டாவது படத்தில், வழுக்கைத் தலை மறைத்திருந்த இடத்தில் இரண்டு வரிகள் இருந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே அனுமதி. அவசரமானால் எந்நேரமும் கதவுமணியை அழுத்தவும்.

டாக்டர் வாய்க்கருகே கையைக் கொண்டுபோனது எதற்கு என்று இப்போது புரிந்தது.

"அக்கா, அத்தான் தினமும் ஏதாவது மாத்திரை போடறாரா?"

"போடறாரே. ரெண்டு வருசமாப் போடறாரு. நெஞ்சு படபடப்புக்கு ஊர்ல நம்ம டாக்டர் எழுதிக் கொடுத்தது. இங்க கிடைக்குமோ கிடைக்காதோன்னு நான்தான் ஒவ்வொரு தடவையும் வாங்கி அனுப்புவேன். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"என்ன மாத்திரை?"

"ரத்தம் உறையாம இருக்கறதுக்காம். கட்டியா உறைஞ்சு மூளைக்குப் போயிடக் கூடாதுன்னு."

"அது எங்க இருக்கு?"

"என் கைப்பையிலதான் இருக்கு. ஒரு அட்டை வச்சிருக்கேன், கண்ணு முழிச்சாருன்னா கொடுக்கலாம்னு."

தொடை எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஆள். அவர் ரத்தம் உறையாத மாத்திரை போடுகிறார் என்பது அந்தக் கட்டிடத்தில் பெரியவளின் கைப்பைக்கு மட்டுமே தெரியும்.

"மூணாவது மாடிக்குத் திரும்பப் போ. கதவுக்குப் பக்கத்துல மணி இருக்கும். அழுத்து."

"அஞ்சரைக்கு மேல விட மாட்டாங்கன்னு நீதானேடி சொன்னே? திட்டுவாங்க."

முந்தைய நாளிலிருந்து போர்டில் இருந்த ஒவ்வொரு எழுத்தையும் சந்தேகப்பட்ட மகராசி, இப்போது அந்தப் போர்டை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நின்றாள். சின்னவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"திட்டட்டும்! மாத்திரை அட்டையைக் கையில எடுத்து வச்சுக்க. போனை ஸ்பீக்கர்ல போடு. மணியை அழுத்து. நான் பேசறேன்."

அந்த நேரம் பார்த்து விசிலம்மா வெளித்தளத்துக்கு வந்துவிட்டாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இங்கே என்ன நடக்கிறது?" என்றாள். சின்னவள் போனை வாயிலிருந்து விலக்காமல், இன்னொரு கையால் மூட்டையில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினாள். தீவிர சிகிச்சை என்று அதில் எழுதியிருந்தது. "என் அத்தான் இந்த மாதிரி ஒரு பிரிவில் கிடக்கிறார். ஐந்து நிமிடம் கொடுங்கள். பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் ஊதுங்கள்." விசிலம்மா அட்டையைப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள், விசிலில் கை வைக்கவில்லை. போகவும் இல்லை.

போனில் மணி ஒலித்தது. கதவு திறக்கும் சத்தம். நர்ஸின் குரல் எடுத்த எடுப்பிலேயே கடுகடுத்தது: "நேரம் முடிந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள்."

சின்னவள் கத்தினாள். இயந்திரங்களுக்கு நடுவே இருபத்திரண்டு வருடம் கத்திப் பழகிய தொண்டை. "கதவை மூடாதீர்கள்! திங்கட்கிழமை ஏணியிலிருந்து விழுந்த நோயாளியின் மனைவி இவர். நோயாளி தினமும் ரத்தம் உறையாத மாத்திரை போடுகிறவர். மாத்திரை அட்டை இவர் கையில் இருக்கிறது. டாக்டரிடம் காட்டுங்கள்."

நர்ஸின் குரல் வேறு மாதிரி வந்தது. "கடைசியாக எப்போது போட்டார்?"

"அக்கா, கடைசியா எப்ப போட்டாரு?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி."

"திங்கக்கிழமை காலைல?"

"ஆமா, போட்டாரு. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி, காபியோட. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

"அக்கா, இப்பவாவது நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். ஏழு மணி. இவரு காபி குடிச்சா ஏழு மணிதான்."

சின்னவள் அதை மாற்றிச் சொன்னாள். செருப்புச் சத்தம் ஓடியது. கொஞ்ச நேரத்தில் ஓர் ஆண் குரல் வந்தது, பெரியவளின் தங்கமான டாக்டர். அவர் நிதானமாகச் சொன்னார்: தொடையில் ரத்தக் கசிவு இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தது. சந்தேகப்பட்டுத்தான் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டு, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். நோயாளியைக் கேட்டால் மயக்கத்தில் "ஒன்றும் போடுவதில்லை" என்று சொல்லிவிட்டார். போர்மேனுக்கு எதுவும் தெரியவில்லை. மனைவியைக் கேட்டால் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வயிற்றைத் தட்டினாள், வயிற்றுவலி மாத்திரை என்று டாக்டர் எழுதிக்கொண்டாராம்.

"நாங்கள் நேற்றே கேட்டோம்," என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் சின்னவளுக்குச் சுருக்கென்றது.

இனி பயமில்லை, மருந்தின் பெயரும் கடைசி வேளையும் தெரிந்துவிட்டது, இன்னொரு ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை செய்வோம் என்றார் டாக்டர். நாளைக்கு ஒன்றரை மணிக்கு மனைவியோடு நீங்களும் போனில் இருங்கள் என்றும் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் தரைத்தளத் தகவல் மேசையில் ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் ஏற்பாடு செய்வார்களாம். அது எந்தப் போர்டிலும் இல்லை.

போனை வைக்கும் முன் சின்னவள் அக்காவிடம் சொல்லிவிட்டாள். மறைக்க மனம் வரவில்லை.

"அக்கா, தப்பு என்னோடதுதான். ஒன்றரை மணி பாக்கற நேரம் இல்ல, டாக்டர் பேசற நேரம். மேல தலைப்பு தெரியாமலேயே நான் ஊகத்துல சொல்லிட்டேன்."

"அதான் முதல் நாளே சொன்னேனே. நல்லாப் பாருன்னு."

சொன்னாள்தான். அதை மறுக்க வழியில்லாததுதான் கொடுமை. சின்னவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் விசிலம்மா இன்னும் அங்கேயே நின்றிருந்தாள். "ஐந்து நிமிடம் இல்லை, பதினெட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. ஆனால் அதே நாள் ஒன்றரை மணிக்கு, சின்னவளை உருளையிலிருந்து எடுத்து ஆலைக் கிடங்கில் பை எண்ணும் வேலைக்கு அனுப்பியதும் விசிலம்மாதான். அங்கே போன் பேசினால் யார் காதிலும் விழாது.

வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சின்னவள் முதல் ரயிலைப் பிடித்துப் போனாள். பெரியவள் வாசலில் காத்திருந்தாள். மூன்றே நாளில் அந்த ஆஸ்பத்திரியையே விலைக்கு வாங்கியவள்போல் முன்னால் நடந்தாள்.

"இப்ப ரெண்டாவது மாடிக்கு மாத்திட்டாங்க. எலும்புப் பிரிவு. நான் அன்னைக்கே ரெண்டாவது மாடின்னு சொன்னேன்ல?"

சின்னவள் லிஃப்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அத்தான் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது, பேச்சு தெளிவாக இருந்தது. பெரியவள் அவருக்கு நடந்ததையெல்லாம் சொன்னாள். அதில் மாத்திரையைக் கண்டுபிடித்தது பெரியவள். மணியை அழுத்தியது பெரியவள். கதவை மூட விடாமல் நின்றது பெரியவள். சின்னவள் "போன்ல கூட இருந்தா".

"மாத்திரை உன் பையிலயே இருந்துச்சாமே, ரெண்டு நாளும்?" என்றார் அத்தான்.

பெரியவள் விரிப்பைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். முகத்தைக் காட்டாமலேயே, "எனக்குப் பயமா இருந்துச்சுடி" என்றாள். "ஒரு எழுத்தும் தெரியல. யாரைப் பார்த்தாலும் தலையாட்டினேன். எதுக்கு ஆட்டறேன்னு தெரியாமலேயே ஆட்டினேன்."

அக்கா வாயிலிருந்து பயம் என்ற சொல் வந்து சின்னவள் கேட்டதில்லை. பக்கத்தில் போய் விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். தொழில் பழக்கம், இரண்டு இழுப்பில் சுருக்கம் போனது.

"மூலையை இப்படி மடிக்கணும்," என்றாள்.

"எனக்கு மடிக்கத் தெரியாதா?" என்றாள் பெரியவள்.

அத்தானை வீட்டுக்கு அனுப்ப மேலும் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அன்றைக்குச் சின்னவள் விடுப்பு எடுத்துக்கொண்டு நேரிலேயே போனாள். படமெடுத்து அனுப்புகிறேன் என்று பெரியவள் சொன்னதற்கு, வேண்டவே வேண்டாம், தாளை யாரும் தொட வேண்டாம், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். நர்ஸ் நான்கு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தாள். எந்த மாத்திரை எப்போது, ரத்தம் உறையாத மாத்திரையை மறுபடி எந்தத் தேதியில் தொடங்குவது, காலை எவ்வளவு ஊன்றலாம், எந்தப் பிரிவில் எந்த நாள் திரும்ப வந்து காட்டுவது. சின்னவள் நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து, மேலே ஆஸ்பத்திரியின் பெயர் அச்சடித்த இடத்திலிருந்து விரல் வைத்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் முதலில் தலைப்பைப் படித்தாள். புரியாத ஒரு சொல்லை நர்ஸிடம் எழுந்து போய்க் கேட்டுவிட்டு வந்தாள். பெரியவளிடம் ஒரு நோட்டைக் கொடுத்துத் தமிழில் எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

அத்தான் சக்கர நாற்காலியில் கோட்டு மாட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். போர்மேன் அனுப்பிய வண்டி கீழே வந்து பத்து நிமிடமாகிவிட்டது.

"சீக்கிரம் படிடி," என்றாள் பெரியவள். "வண்டி நிக்குது."

"நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டுச் சின்னவள் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள்.